தோளை இறக்கிவைத்தல்

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்தில் எல்லோர் கண்ணும் வானத்தில்தான் இருக்கும். கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைத்தவர், மேகம் கூடவில்லையே என்று பார்ப்பார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், மேகம் கூடிவிடுமோ என்று பார்ப்பார். ஈரக்காற்றில் குச்சியில் முக்கிய மருந்து காயாது. வேலை நாள் குறையும், கூலியும் குறையும். பல வீடுகளில் இந்த இருவரும் கணவன் மனைவி. மழை பெய்தாலும் ஒருவருக்குக் கவலை, பெய்யாவிட்டாலும் ஒருவருக்குக் கவலை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த வீட்டில் யாராவது ஒருவர் பிடரியைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பார்.

கேட்டால் பெரும்பாலும் "வாய்வு பிடிச்சிருக்கு" என்பார்கள். இல்லையென்றால் தலையணை சரியில்லை, பனியில் படுத்தது சேரவில்லை என்பார்கள். பூண்டு தின்று, தைலம் தேய்த்து, ஓமத் தண்ணீர் குடித்து, மறுநாளும் அதே இடத்தில் அதே இறுக்கம் இருக்கும். தைலத்தின் சூட்டில் கொஞ்ச நேரம் சுகம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தசையை இறுக்கிப் பிடித்திருப்பது வயிற்றில் இருக்கும் காற்று அல்ல.

மண்டையின் அடிப்பாகத்தில் தொடங்கி, கழுத்தின் இரு பக்கமும் இறங்கி, தோள்முனை வரைக்கும் நடு முதுகு வரைக்கும் விரிந்திருக்கும் ஒரு பெரிய தசை உண்டு. மருத்துவர்கள் அதை ட்ரபீசியஸ் என்பார்கள். தோளைக் காதை நோக்கித் தூக்குவது அதன் மேல்பகுதியின் வேலை. பயம் வந்தால் எல்லோருக்கும் தோள் ஏறும். அடி விழப்போகிறது என்று நினைக்கும் குழந்தையைப் பாருங்கள், கழுத்து தோளுக்குள் புதைந்துவிடும். அடி விழுந்ததும் அல்லது விழாமல் போனதும் தோள் இறங்கிவிடும். தவணை, மழை, மகளின் கல்லூரிக் கட்டணம் போன்ற கவலைகளுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அதனால் தோள் முழுதாக ஏறுவதும் இல்லை, முழுதாக இறங்குவதும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால்கூடத் தெரியாத அளவுக்கு, விரற்கடை உயரத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும்.

இந்தச் சிறிய இறுக்கம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு சுவீடனைச் சேர்ந்த ஹெக் என்ற ஆய்வாளர் 1991-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். ஒரு தசைக்குள் இருக்கும் இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. இலேசான வேலைக்கு முதலில் கூப்பிடப்படுவது எப்போதும் அதே சிறிய இழைகள்தான். பெரிய பாரம் தூக்கும்போது மற்ற இழைகள் வந்து சேர்ந்துகொள்ளும், வேலை முடிந்ததும் போய்விடும். சிறிய இழைகளோ தசை முழுதாகத் தளரும்வரை ஓய முடியாது. வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் மருமகளைப் போல அவற்றின் பிழைப்பு. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் பாரம் தூக்காதவருக்கும் ஏன் தோள் வலிக்கிறது என்பதை இது புரியவைக்கிறது. கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம் கடினமான மனக்கணக்கைக் கொடுத்தாலே இந்தத் தசையில் மின்துடிப்பு கூடுவதை ஆய்வகங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. அமைதியாக இருக்கும்போது மூச்சின் பெரும்பங்கு வேலையை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் பார்த்துக்கொள்ளும். பதற்றத்தில் மூச்சு மேல் நெஞ்சுக்கு ஏறிவிடும். அப்போது கழுத்தின் பக்கத் தசைகள் மேல் விலா எலும்புகளைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,200 முறை. கழுத்து வலிக்கு மூச்சுப் பயிற்சி என்றால் சிலர் சிரிப்பார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது.

பயிற்சிக்குள் போகும் முன், எந்தக் கழுத்து வலி இந்த அத்தியாயத்துக்கு உரியது அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் அழுத்தம் வந்து அது தோள், தாடை, இடது கைக்குப் பரவினால், கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால், வாய்வு என்று சோடா வாங்கிக் குடிக்காமல் 108-ஐ அழையுங்கள். கை மரத்துப்போய் பிடி தளர்வது, நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுக்குள் இல்லாமல் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்த பிறகோ வண்டியில் மோதிய பிறகோ வந்த வலி, ஓய்விலும் இரவிலும் விடாமல் கூடிக்கொண்டே போகும் வலி ஆகிய எல்லாவற்றுக்கும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடிவெட்டும் கடையில் கடைசியாகத் தலையைப் பிடித்து 'சடக்'கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அந்தத் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் அந்தச் சத்தத்தால் வரும் சுகமும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம், நாற்பதைத் தாண்டிய பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறார். எத்தனை பெட்டியோ அத்தனை கூலி. கணவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. குழுக் கடனுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் தவணை. வலது பக்கக் கழுத்திலிருந்து தோள் வரை கல்லாக இறுகியிருக்கிறது, சாயங்காலம் பின்மண்டை வலிக்கிறது. கையில் மரப்பு இல்லை, பிடியில் தளர்வு இல்லை.

அவரிடம் முதலில் எந்தப் பயிற்சியும் சொல்லக்கூடாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டே குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும்: ராத்திரி படுக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, அன்றைக்கு என்ன நடந்தது. இரண்டு வாரத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெரியும். அதிகப் பெட்டி அடைத்த புதன்கிழமை வலி மூன்று. வேலையே இல்லாத ஞாயிற்றுக்கிழமை, மேகம் கூடி வந்து கலைந்துபோன அன்றைக்கு, ஆறு. தவணைக்கு முந்தின திங்கள் ராத்திரி இரண்டு வாரமும் ஏழு. "வேலையாலதான் வலிக்குதுன்னு நெனச்சேன்" என்பார். வேலையும் ஒரு காரணம்தான். குனிந்தே இருக்கும் கழுத்துக்கு வலி வராமல் இருக்காது. ஆனால் எந்த நேரத்தில் பயிற்சி தேவை என்பதை அந்தத் தாள்கள்தான் காட்டுகின்றன. இவருக்கு அது ஞாயிறும் திங்களும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்.

முதல் வாரம் மூச்சு மட்டும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரலாம், அல்லது பாயில் மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். ஒரு கை மேல் நெஞ்சில், மறு கை தொப்புளுக்குச் சற்று மேலே. எதையும் மாற்றாமல் ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும்: எந்தக் கை முதலில் எழும்புகிறது? இறுகிய கழுத்துக்காரர்களில் பலருக்கு மேல் கைதான் எழும்பும். பிறகு மூக்கு வழியாக, மனசுக்குள் நான்கு எண்ணும் அளவுக்கு, கீழ்க் கை மெதுவாக எழும்பும்படி மூச்சை உள்ளே இழுங்கள். நிறுத்திப் பிடிக்காமல், ஆறு எண்ணும் அளவுக்கு வெளியே விடுங்கள். ஒன்று எண்ணுவதற்கு ஏறக்குறைய ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். காலையில் ஒரு தடவை, தாள்கள் காட்டிய அந்த நேரத்தில் ஒரு தடவை.

வெளியே விடும் மூச்சு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதை உங்கள் நாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டால், உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளியே விடும்போது தாமதிப்பதும் பலருக்குத் தட்டுப்படும். வெளிமூச்சின்போது உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பின் பிடி கூடுகிறது. கழுத்துத் தசைக்கும் அப்போதுதான் இறங்க வாய்ப்பு, ஏனென்றால் இயல்பான வெளிமூச்சுக்குத் தசை உழைப்பு கிட்டத்தட்டத் தேவையில்லை. விரிந்த விலாக்கூடு தானாகவே சுருங்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மூச்சுப் பயிற்சி என்றதும் நெஞ்சு நிறைய இழுத்து, தோளை இரண்டு அங்குலம் தூக்கி, 'புஸ்' என்று விடுவார்கள். எந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்க வந்தோமோ அதற்கே கூடுதல் வேலை. அப்படிப் பத்து மூச்சு விட்டதும் தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்தும், சிலருக்கு விரல் விறைக்கும். இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விட்டது என்பதன் அடையாளம் அது. ஆபத்தில்லை, ஆனால் பயந்த சுபாவக்காரருக்குப் பதற்றம் இரண்டு மடங்காகும். மூச்சின் அளவைக் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத, மூக்குக்கு முன்னால் பஞ்சை வைத்தால் இலேசாக மட்டும் அசைகிற மூச்சுதான் வேண்டும். ஆறு எண்ண முடியாமல் திணறினால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாரம் தசை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். தளர்ந்திரு என்று கட்டளையிட்டால் தசை தளராது, இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் தளர்வு என்னவென்று தெரியும் என்பதே அவருடைய அணுகுமுறையின் சாரம். அவர் கற்றுக்கொடுத்த முறை மாதக்கணக்கில் நீளும். பின்னால் வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். நமக்கு வேண்டியது கை, முகம், தோள் என்ற மூன்று நிறுத்தங்கள்.

கையில் தொடங்குங்கள். அங்கேதான் வித்தியாசம் எளிதாகத் தெரியும். வலது கையை முழுப் பலத்தில் பாதி அளவுக்கு முஷ்டியாக இறுக்கி, ஐந்து முதல் ஏழு நொடி பிடித்து, சட்டென்று விட்டுவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விடக்கூடாது. பிறகு அரை நிமிடம் எதுவும் செய்யாமல், அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு சூடு, ஒரு கனம், இலேசான துடிப்பு ஏதாவது தெரியும். அந்த அரை நிமிடம்தான் பயிற்சி, இறுக்குவது அதற்கு முன்னேற்பாடு மட்டும். அவசரக்காரர்கள் ஏழு நொடி இறுக்கி இரண்டு நொடி ஓய்ந்து அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவர்கள் இறுக்கத்தைத்தான் பழகுகிறார்கள். இடது கையிலும் இதேபோலச் செய்யுங்கள். அடுத்து பல்லை மெதுவாகக் கடித்து விடுங்கள். தாடை தளர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், உதடு மூடியிருக்கும், உள்ளே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாது. கழுத்து இறுகியவர்களில் பலர் பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டுகொள்வார்கள்.

கடைசியாகத் தோள். இரண்டு தோளையும் காதை நோக்கிப் பாதி தூரம் தூக்கி, ஐந்து நொடி, மூச்சை அடக்காமல். வெளிமூச்சோடு அப்படியே கீழே விழவிடுங்கள். விழுந்த பிறகும் இன்னும் கொஞ்சம் இறங்க இடம் இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வெளிமூச்சில் அந்த மிச்சமும் இறங்கும். மூன்று தடவை போதும். கழுத்தைப் பின்னால் வளைத்து இறுக்க வேண்டாம், அது நரம்பை நெருக்கும். அதற்குப் பதில் இரண்டு கை விரல்களையும் கோத்துப் பின்மண்டையில் வைத்து, தலையைக் கையின்மேல் இலேசாக அழுத்தி, கழுத்து அசையாமலே இறுக்கி விடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி முக்கக்கூடாது. இறுக்கும்போதே தசை சுருட்டிப் பிடித்தால் அந்த இடத்தில் பலத்தைக் கால்பங்காக்குங்கள், அல்லது இறுக்குவதை விட்டுவிட்டுத் தளர்வதை மட்டும் செய்யுங்கள். இவ்வளவும் பதினைந்து நிமிடத்துக்குள் முடியும். அதற்கு முன் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டால் தசை எளிதில் இணங்கும். துணியை முதலில் முழங்கையின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிடுங்கள்.

சிலருக்குக் கண்ணை மூடித் தளரத் தொடங்கியதும் பதற்றம் கூடும். கட்டுப்பாடு கைவிட்டுப் போவதுபோல ஒரு திகில், நெஞ்சு படபடப்பு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, இரண்டு நிமிடம் மட்டும் செய்தால் போதும்.

நம் ஊர்க்காரர் இரண்டு வாரம் செய்துவிட்டு, "செய்யும்போது நல்லாத்தான் இருக்கு, பெட்டி முன்னால உக்காந்தா பழையபடி ஆயிருது" என்பார். எல்லோரும் சொல்வதுதான். பாயில் படுத்துக் கற்றதை வேலைக்குள் கொண்டுபோவது தனிப் பாடம். சுவீடனில் லார்ஸ் ஓஸ்ட் என்ற உளவியலாளர் இதற்கென்றே படிகள் வகுத்து 1987-இல் வெளியிட்டார். முதலில் இறுக்கித் தளர்த்துவது, பிறகு இறுக்காமலே தளர்த்துவது, பிறகு வெளிமூச்சோடு ஒரு சொல்லைச் சேர்த்து அந்தச் சொல்லுக்கே தசை தளரும்படி பழக்குவது. சொல் எதுவானாலும் சரி. "எறங்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த படிதான் இவருக்கு முக்கியம்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த வேலைக்குத் தேவையில்லாத தசையைத் தளர்த்துவது.

பெட்டி அடைப்பதற்கு விரல் வேண்டும், முன்கை வேண்டும். தோள் காதருகே நிற்க வேண்டியதில்லை, பல் கடிபட வேண்டியதில்லை. ஆனால் வேகமாக அடைக்கும்போது இரண்டும் கூடவே கிளம்பிவிடும். வேகத்துக்கும் தோளுக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சோதித்துப் பார்க்கலாம். பத்துப் பெட்டி வழக்கம்போல, பத்துப் பெட்டி தோளை இறக்கிக்கொண்டு, நேரம் கூடாது. நாள் முழுக்க இதை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது, அதனால் வேலையோடே வரும் ஒரு நிறுத்தத்தில் கட்டிவைக்க வேண்டும். இவருக்கு அது ஒரு தட்டு நிரம்பி அடுத்த தட்டை எடுக்கும் நேரம். ஒரு வெளிமூச்சு, 'எறங்கு', அவ்வளவுதான். பத்து நொடிகூட ஆகாது, கூலியும் குறையாது. ஒரு நாளில் பதினைந்து இருபது தடவை வந்தால் போதும். பஸ் ஓட்டுநருக்கு அது கியர் மாற்றும் நேரமாக இருக்கலாம், கடலை மிட்டாய்க் கடையில் பொட்டலம் போடுகிறவருக்கு ஒவ்வொரு பொட்டலத்தின் முடிச்சு. அந்தச் சிறிய இழைகளுக்கு வேண்டியது நீண்ட ஓய்வு அல்ல, அடிக்கடி கிடைக்கும் முழு ஓய்வு.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 393 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தசைப் பயிற்சி, ஒன்றுக்குத் தளர்வுப் பயிற்சி, மற்றொன்று வழக்கம்போல இருக்கலாம். 2003-இல் வெளியான முடிவில் இரண்டு பயிற்சியும் வழக்கம்போல இருந்தவர்களைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. ஆகவே வருடக்கணக்காக ஊறிய வலியை மூச்சு மட்டுமே துடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் கணிப்பில் இந்த முறைகள் உதவுவது, காலண்டர் தாளில் வலிக்கும் கவலைக்கும் உறவு தெளிவாகத் தெரிகிறவர்களுக்கு. அவர்களுக்கும் முதலில் குறைவது தூக்கமின்மையும் பின்மண்டைக் குத்தலும்தான்; தோளில் தொட்டால் வலிக்கும் அந்தக் கட்டி கடைசியில்தான் கரையும். தவணையும் தீராது. குழுவில் பேசித் தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தால் அதையும் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கம் வாரக்கணக்கில் போய், எதிலும் மனசு ஒட்டாமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அது கழுத்துப் பிரச்சினை அல்ல. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

ஊறிய வலிக்குத் தசையின் பலத்தைக் கூட்டுவது உதவும் என்பதற்கு டென்மார்க்கில் 2008-இல் வந்த ஓர் ஆய்வு ஆதாரம். பின்லாந்து முடிவுக்கு முரணாகத் தோன்றும். இங்கே கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் குறிவைத்து, எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். தோள் தசை வலியுள்ள வேலைக்குப் போகும் பெண்கள், வாரம் மூன்று நாள், நாளைக்கு 20 நிமிடம், பத்து வாரம். வலி கணிசமாகக் குறைந்தது. அதற்கு ஜிம் தேவையில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். நின்றுகொண்டு, கையைத் தொங்கவிட்டு, பாட்டிலோடு தோளை மேலே தூக்கி மெதுவாக இறக்குவது பத்துத் தடவை. அடுத்து கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்குவது பத்துத் தடவை. ஒரு நிமிடம் ஓய்ந்து இன்னொரு சுற்று. மூன்றாவது வாரம் மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் தண்ணீருக்குப் பதில் மணலை நிரப்பினால் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். முதல் சில நாள் தோள் நோகும். அடுத்த பயிற்சி நாளுக்குள் அது தணிந்துவிட்டால் தொடரலாம், தணியாவிட்டால் ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும். இறக்கும்போது மூச்சு வெளியே போகட்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் தோள் கடைசி வரை இறங்கி, ஒரு நொடி அங்கேயே நின்ற பிறகு அடுத்த தூக்கலைத் தொடங்குங்கள்.